கத்தரி பறந்தால் துணி போச்சு: தையல் வேலையை எழுதக் கற்றுக்கொண்ட கதை

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு சிறுகதையில் ஜாக்கெட் தைக்கும் பெண் ஒருத்தி வருவாள். அவள் தைக்கிற காட்சிக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருந்தேன். "அவள் விரல்களில் கத்தரி பறந்தது. ஊசி மின்னலாய் ஏறி இறங்க, இயந்திரம் தாளம் தப்பாமல் பாடியது. அரை மணி நேரத்தில் ஜாக்கெட் தயார்." இப்படிப் போகும் அது. படித்தவர்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது. எங்கள் தெரு முனையில் பத்துக்கு எட்டு அறையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடமும் படிக்கக் கொடுத்தேன். எனக்குப் பதினைந்து வருஷமாக ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர் அவர்தான்.

மறுநாள் போனேன். கதை நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் அந்தப் பத்தியைக் காட்டி, "கத்தரி பறந்தா துணி போச்சும்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரி, இவ என்ன துணி வெட்டுறா? லைனிங் இருக்கா இல்லையா? யாரு அளவு?" என்று கேட்டார். மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண் கையில் என்ன துணி இருந்தது என்பதே எழுதின எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம், மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, அவர் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். காஜா எடுப்பது, ஊக்கு வைப்பது, பிசிறு வெட்டுவது என்று கையில் கொடுத்ததைச் செய்தேன். தையல் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தையலை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தது. கைவேலையைக் கதையிலோ கட்டுரையிலோ எழுத நினைக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் பத்தி முதலில் தப்பியது அங்கேதான். துணி வெட்டுகிற கத்தரி கனமானது. அதன் அடி அலகு மேசையைத் தொட்டபடியே நகரும். துணியைக் கையால் தூக்கிப் பிடித்து வெட்டினால் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் நழுவி, நான்கு மடிப்பில் நான்கு அளவு வந்துவிடும். அதனால் துணி மேசையில் படுத்தே கிடக்கிறது, இடது உள்ளங்கை அதன்மேல் அழுத்தி இருக்கிறது, கத்தரி மட்டும் போகிறது. வாயை முழுக்கத் திறந்து, நுனி மூடுவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, அப்படியே முன்னால் தள்ளித் திரும்பத் திறக்கிறார். நுனி வரை மூடி மூடி வெட்டினால் ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு சின்னப் பல் விழும், வளைவில் அது அப்படியே தெரியும். பார்க்கிறவருக்கு இதில் வேகமே தெரியாது. ஒரு ஜாக்கெட்டை வெட்டுகிற நேரத்தில் பாதிக்கு மேல் அவர் வெட்டவே இல்லை. துணியை மடிக்கிறார், நீவுகிறார், கரை எந்தப் பக்கம் என்று பார்க்கிறார், சாக்கால் கோடு போடுகிறார், போட்ட கோட்டை விரலால் தேய்த்து அழித்துக் கால் இஞ்ச் தள்ளிப் போடுகிறார். வேலை அங்கேதான் நடக்கிறது. நான் எழுதின பத்தியில் அது ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கால் இஞ்ச் எதற்கு என்று கேட்டேன். துணி கொடுத்தவருக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்குமாம். "பையைத் தூக்கித் தூக்கி அப்படி ஆயிடுச்சு அவங்களுக்கு" என்றார். அளவு நோட்டில் மார்பு 36, இடுப்பு 30, உயரம் 14 என்று எண்கள் மட்டும்தான் இருக்கின்றன, தோளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அவர் தலையில் இருக்கிறது. இதைக் கேட்ட அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது: கைவேலையை எழுதும்போது கை என்ன செய்தது என்பது பாதிதான், எதைப் பார்த்து அப்படிச் செய்தது என்பதும் சேர்ந்தால்தான் முழுசு. "கோட்டை அழித்துக் கால் இஞ்ச் தள்ளிப் போட்டாள்" என்று எழுதினால் அது ஒரு அசைவு. "வலது தோள் இறக்கத்துக்காக" என்று மூன்று வார்த்தை சேர்த்தால், தைக்கிற யார் படித்தாலும் இவள் நம்ம ஆள் என்பார்கள்.

கண்ணும் அப்படித்தான். தைக்கும்போது ஊசியைப் பார்ப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், கதையிலும் அப்படியே எழுதியிருந்தேன். அக்கா ஊசியைப் பார்ப்பதே இல்லை. ஊசியைப் பார்த்தால் தையல் வளையும். அவர் பார்ப்பது துணியின் விளிம்பை. அந்த விளிம்பு, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டின் ஓரத்தோடு ஒட்டிப் போகிறதா, அல்லது அதிலிருந்து ஒரு நூல் அளவு விலகிப் போகிறதா என்பதில்தான் கண் இருக்கிறது. ஊசி தன்பாட்டுக்கு ஏறி இறங்கும். வண்டி ஓட்டுகிறவர் சக்கரத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்ப்பது மாதிரி. நானே ஒரு தலையணை உறை தைத்துப் பார்த்தேன். ஊசியைப் பார்த்துத் தைத்த பக்கம் பாம்பு மாதிரி போனது, ஓரத்தைப் பார்த்துத் தைத்த பக்கம் ஓரளவு நேராக வந்தது. முடிந்தால் நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு மணி நேரம் கையில் பட்டது, பத்து நாள் பார்த்ததைவிட அதிகமாக எழுத உதவும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாரும் தையல் மெஷின் சத்தத்தை "கடகட" என்று எழுதிவிடுகிறோம், ஒரே சீராக ஓடுகிற மாதிரி. அக்காவுடையது காலால் மிதிக்கிற மெஷின். மூன்றாவது வாரம் ஒரு நாள் நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊக்கு வைத்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், சத்தத்தை வைத்தே அவர் எந்த இடம் தைக்கிறார் என்று சொல்ல முடிகிறது. நீளமாக ஒரே ஓட்டம் ஓடி நின்றால் பக்கத் தையல். நாலு தையல், நிறுத்தம், மூன்று தையல், நிறுத்தம் என்று விட்டுவிட்டு வந்தால் கழுத்து வளைவு. சின்ன ஓட்டம், நிறுத்தம், ஒரு டக் என்ற சத்தம், திரும்ப ஓட்டம் என்றால் பட்டியின் மூலை. அந்த டக், ஊசியைத் துணிக்குள்ளேயே இறக்கி வைத்துவிட்டுப் பிரஷர் ஃபுட்டைத் தூக்குகிற சத்தம். ஊசி உள்ளே இருந்தால்தான் துணி அந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பும். ஊசியை மேலே எடுத்துவிட்டுத் திருப்பினால் மூலை கூராக வராது, ஒரு தையல் தள்ளி விழுந்து மழுங்கிப் போகும். நான் "தாளம் தப்பாமல் பாடியது" என்று எழுதியிருந்தேனே, தாளம் தப்பாத ஜாக்கெட் என்றால் அதில் வளைவும் இல்லை, மூலையும் இல்லை என்று அர்த்தம்.

மெஷினை ஓட்ட ஆரம்பிப்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மேல் நூல், கீழ் நூல் இரண்டின் வாலையும் பின்பக்கம் இழுத்து விரலால் பிடித்துக்கொண்டு, வலது கையால் சக்கரத்தைத் தன் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கால் மிதிக்க ஆரம்பிக்கிறது. சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துவிடும். புதிதாகப் பழக வந்த ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டு மாதமும் இதே போராட்டம்தான். கதையில் ஒரு பாத்திரம் இப்போதுதான் தொழில் பழகுகிறாள் என்று காட்ட வேண்டுமா? "தடுமாறினாள்" என்று எழுத வேண்டாம். சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்தது, அவள் திரும்ப ஊசியில் கோத்தாள், அதுவும் அறுந்தது என்று எழுதினால் போதும்.

இனி நான் மிக நேரம் செலவழித்துப் பார்த்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன்: கை ஏற்றுவது, அதாவது கைத்துணியை உடல் துணியோடு சேர்த்துத் தைப்பது. ஜாக்கெட்டில் பாகங்களைச் சேர்ப்பதிலேயே கஷ்டமான இடம் இது என்று அக்கா சொன்னார், பார்த்த பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கைத்துணியின் மேல் வளைவு, அது போய்ச் சேருகிற ஆர்ம்ஹோலைவிட, அதாவது உடல் துணியில் கைக்காக வெட்டின வளைவைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டப்பட்டிருக்கும். அந்த மிச்ச நீளம்தான் தோள்பட்டையின் உருண்டையைச் சுற்றி உட்காரும். ஆனால் சுருக்கம் தெரியக் கூடாது. நீளமான ஒரு ஓரத்தைக் குட்டையான ஓரத்தோடு சுருக்கம் விழாமல் சேர்ப்பது எப்படி?

இதற்கு மெஷினின் குணத்தையே பயன்படுத்திக்கொள்கிறார்கள். துணிக்கு அடியில் இருக்கிற பல், கீழ்த் துணியைப் பிடித்துப் பின்னால் தள்ளும். மேல் துணியைத் தள்ள எதுவும் இல்லை, பிரஷர் ஃபுட் அதன்மேல் அழுத்தி உரசுவதால் அது கொஞ்சம் தங்கும். ஆக, ஒரே நீளமுள்ள இரண்டு துணியைச் சும்மா சேர்த்துத் தைத்தால்கூடக் கடைசியில் மேல் துணி கொஞ்சம் மிச்சம் நிற்கும். புதிதாகத் தைப்பவர்களுக்கு இது தொல்லை. தெரிந்தவர்கள் நீளமான துணியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கைத்துணி கீழே, உடல் துணி மேலே. மேல் துணியை மட்டும் விரல் நுனியால் லேசாகத் தன் பக்கம் பிடித்துக்கொண்டால், கீழே இருக்கிற மிச்சத்தைப் பல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிக்கொள்கிறது. அக்காவின் விரல்கள் தள்ளவே இல்லை என்பதை முதல் வாரம் நான் கவனிக்கவில்லை. தள்ளுகிற மாதிரிதான் தெரியும். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் அவை பிடித்து நிறுத்துகின்றன என்று தெரிகிறது. எட்ட நின்று பார்த்து எழுதுகிறவர் "துணியை ஊசிக்குள் தள்ளினாள்" என்பார். அந்த ஒரு வினைச்சொல்லிலேயே தைக்கிறவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

கை ஏற்றுவதற்கு முன்னால் இன்னொன்றும் நடக்கும். ஆர்ம்ஹோலின் முன்பக்கம், பின்பக்கத்தைவிடக் கால் இஞ்சிலிருந்து அரை இஞ்ச் வரை அதிகமாகக் குடைந்து வெட்டப்பட்டிருக்கும், கைத்துணியிலும் முன்பக்கம் அதே மாதிரி குடைவாக இருக்கும். கை முன்னால்தானே அதிகம் போகிறது, அங்கே துணி மிச்சமிருந்தால் மடிந்து நிற்கும். வெட்டின பிறகு இரண்டு கையும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால், முன்பக்கம் எது என்று காட்டக் கத்தரி நுனியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு போட்டு வைப்பார். வலது கையை இடது பக்கம் ஏற்றிவிட்டால், குடைவு பின்னால் போய்விடும். தைத்து முடித்த ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தொங்கவிட்டால் கை கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து தொங்க வேண்டும். பின்பக்கம் சாய்ந்தால் மாறிவிட்டது என்று அர்த்தம். அக்கா ஒவ்வொரு ஜாக்கெட்டையும் முடித்ததும் இரண்டு விரலால் தோளைப் பிடித்து ஒரு நொடி தொங்கவிட்டுப் பார்ப்பார். ஒரு மாதம் வரை அதை நான் அழகு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கையின் பட்டு ஜாக்கெட் விஷயத்தைச் சொன்னால் இதெல்லாம் இன்னும் தெளிவாகும். அவள் இருக்கிற ஊரில் ஒரு கடையில் தைத்தது. கையைத் தூக்கினால் கக்கத்தில் பிடிக்கிறது என்று அங்கேயே திரும்பக் கொண்டுபோயிருக்கிறாள். அவர்கள் ஆர்ம்ஹோலை ஒரு இஞ்ச் கீழே இறக்கி வெட்டிக் கொடுத்தார்கள். பிடிக்கிற இடத்தில் துணியை எடுத்துவிட்டால் பிடிக்காது என்றுதானே நமக்குத் தோன்றும். ஆனால் முன்பைவிட மோசமாகிவிட்டது. கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுசும் மேலே ஏறி இடுப்புக் கரை இரண்டு இஞ்ச் மேலே வந்து நின்றது. நான் அதை வாங்கி அக்காவிடம் கொண்டுபோனேன்.

அவர் தங்கையை வரச் சொல்லி, போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார். அளவு நாடாவைத் தொடவில்லை. கையைத் தொங்கவிடு என்றார், பார்த்தார். முன்னால் நீட்டு என்றார், பார்த்தார். தலைக்கு மேல் தூக்கு என்றார். அவர் பார்த்தது சுருக்கங்களை. சுருக்கம் எந்த இடத்திலிருந்து கிளம்பி எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தக் கோட்டில்தான் துணி இழுபடுகிறது. தங்கைக்குக் கக்கத்திலிருந்து கிளம்பி இடுப்பை நோக்கி நேர் கீழே ஓடின. குறுக்கே, மார்பை நோக்கி ஓடியிருந்தால் சுற்றளவு பற்றவில்லை என்று சொல்லியிருப்பாராம். கீழ்நோக்கி ஓடியதால் குறைவு நீளத்தில், அதாவது கையின் அடிப்பக்கத்துக்கும் உடம்பின் பக்கத்துக்கும் இடையில்.

"கக்கத்துக் குழியோட ஒட்டி இருந்தா கை கீல் மாதிரி அங்கேயே திரும்பும். நீ கீழ இறக்கிட்டா கையும் உடம்பும் சேர்ற இடம் விலாவுக்குப் போயிடும். அப்புறம் கையைத் தூக்கணும்னா ஜாக்கெட்டையே தூக்கணும்ல?" என்று கையால் காட்டினார். ஆர்ம்ஹோல் பெரிசாக இருந்தால் வசதி என்பது தைக்காதவர்கள் எல்லாருக்கும் இருக்கிற நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

வெட்டி எறிந்த துணி திரும்ப வராது. நல்லவேளையாகத் தங்கை மிச்சத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தாள். அக்கா கக்கத்தில் கையின் தையலையும் பக்கத் தையலையும் பிரித்தார். பிரிப்பதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது. இழுத்துக் கிழிக்காமல் ஒரு பக்க நூலை நாலைந்து தையலுக்கு ஒருமுறை வெட்டிவிட்டு, மறுபக்கம் நூலைப் பிடித்து இழுத்தால் முழுசாக உருவி வருகிறது, பட்டில் ஓட்டை விழுவதில்லை. அப்புறம் மூன்று இஞ்ச் சதுரமாக இரண்டு துண்டு வெட்டினார். சதுரத்தை வைரம் மாதிரி திருப்பி, ஒரு முனை கையின் அடித் தையலைப் பார்க்க, எதிர் முனை பக்கத் தையலைப் பார்க்க வைத்தார். ஒரு முனையிலிருந்து எதிர் முனைக்குப் போகிற அந்த நீளம்தான் குறைந்திருந்தது. இழைக்கு மூலைவாட்டில் வருவதால் அந்தத் துண்டு கொஞ்சம் இழுபட்டும் கொடுக்கும். நாலு பக்கமும் நேராகத் தைப்பது சுலபம், மூலைதான் சோதனை. தையல் சரியாக மூலைப் புள்ளியில் நிற்க வேண்டும், ஒரு தையல் தாண்டினாலும் வெளியே ஒரு கிள்ளல் விழுந்துவிடும். கடைசி மூன்று தையலுக்கு அவர் மிதிக்கவே இல்லை. காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பித் திருப்பி ஒவ்வொரு தையலாக இறக்கினார்.

முடிந்ததும் தங்கை போட்டுக் கையைத் தூக்கினாள். கரை அரை இஞ்ச் ஏறியது, அவ்வளவுதான். முழுசாகச் சரியாகிவிட்டது என்று அக்கா சொல்லவில்லை. கையைத் தொங்கவிடும்போது கக்கத்தில் கொஞ்சம் துணி மடியும், அது இருக்கத்தான் செய்யும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். மடிந்தது.

அன்று ராத்திரி என் பழைய பத்தியை எடுத்து அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். முதல் முயற்சி படுமோசம். தெரிந்துகொண்ட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாட், ஷோல்டர், ஆர்ம்ஹோல், பட்டி, கிராஸ் பீஸ் என்று ஒரு வரிக்கு மூன்று சொல். படித்துப் பார்த்தால் தையல் வகுப்பு நோட்டு மாதிரி இருந்தது, அந்தப் பெண்ணைக் காணோம். கூர்ந்து பார்த்தால் அதிலும் பழைய தப்புதான் இருந்தது. முன்னால் மின்னல், பாட்டு என்று அலங்காரம், இப்போது தொழில் சொற்களால் அலங்காரம். அக்கா வேலை செய்யும்போது இந்தச் சொற்களில் யோசிப்பதில்லை. "இது", "அது", "இந்தப் பக்கம்" என்றுதான் பேசுகிறார். பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் பெயர் வருகிறது.

அதனால் ஜாக்கெட் முழுக்கத் தைப்பதைக் காட்டும் எண்ணத்தையே விட்டேன். அக்காவுக்கே லைனிங் வைத்த ஜாக்கெட் ஒன்றை வெட்டித் தைத்துக் கைவேலை முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது, அதைப் பத்து வரியில் ஓட்டினால் எதுவுமே தெரியாது. ஒரே ஒரு கை ஏற்றுவதை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது முறை எழுதியது இது:

"கையை அடியில் வைத்தாள், உடலை மேலே. ஓரத்தில் போட்டிருந்த சின்ன வெட்டு இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. தோள் தையலில் ஒரு குண்டூசி. சக்கரத்தைத் தன் பக்கம் ஒரு சுற்று, அப்புறம் கால். கக்கத்திலிருந்து கொஞ்ச தூரம் தடையில்லாமல் ஓடியது. வளைவு ஏற ஆரம்பித்த இடத்தில் நின்றாள். அடியில் கைத்துணி அரை விரல் அளவு உப்பி நின்றது. அதை அவள் அமுக்கவில்லை. மேல் துணியை மட்டும் நுனிவிரலால் தன் பக்கம் பிடித்தாள், நாலு தையல் விட்டாள், திரும்பப் பிடித்தாள். உப்பல் கரைந்துகொண்டே வந்து குண்டூசியைத் தாண்டியது. திருப்பிப் பார்த்தாள். ஒரு சுருக்கம், கடுகளவு, தோளுக்குப் பின்னால். அந்த ஆறு தையலை மட்டும் பிரித்தாள்."

ஒரு சுருக்கத்தை வேண்டுமென்றேதான் விட்டேன். முதல் தடவையே எல்லாம் சரியாக வந்துவிட்டால் அது வேலை செய்கிறவர் எழுதினது மாதிரி இருக்காது. அக்காவே வாரத்துக்கு இரண்டு முறையாவது எதையாவது பிரிக்கிறார். ஆனால் எதைப் பிரிக்கிறார், எவ்வளவு பிரிக்கிறார் என்பதில்தான் அவருக்கும் அந்தப் புதுப் பெண்ணுக்கும் வித்தியாசம். புதுப் பெண் சுருக்கம் விழுந்தால் மொத்தக் கையையும் பிரித்துவிடுகிறாள். அக்கா ஆறு தையல்தான்.

இதே வழியை நீங்கள் வேறு தையல் இடத்துக்கும் பயன்படுத்தலாம். உடம்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கிற டாட்டை எழுதுகிறீர்கள் என்றால், அகலமான பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் கூர்முனையில் முடிகிறது என்பதையும், அந்த முனையில் திரும்ப அடித்துக் கெட்டிப்படுத்தாமல் நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுவார்கள் என்பதையும் மட்டும் தெரிந்துகொண்டால் போதும். திரும்ப அடித்தால் முனையில் பரு மாதிரி ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும். ஜாக்கெட்டில் எல்லார் கண்ணும் போகிற இடம் அது. அல்லது லைனிங் துணியை முதல் நாளே தண்ணீரில் முக்கிக் காயப்போடுவது. அதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி, வெளித்துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். கொடியில் தொங்கும் வெள்ளை லைனிங் துண்டு ஒன்று போதும், நாளைக்கு இந்த வீட்டில் ஜாக்கெட் வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்தவருக்குத் தெரியும்.

எழுதினதைத் தொழில் தெரிந்தவரிடம் காட்டும்போது ஒரு விஷயம். "சரியா இருக்கா?" என்று கேட்டுக் காகிதத்தைக் கொடுத்தால் "நல்லா இருக்கும்மா" என்றுதான் வரும். மரியாதைக்குச் சொல்வார்கள். நான் அதற்குப் பதில் அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன், அதுவும் மெதுவாக. தப்பு வருகிற இடத்தில் கை தானாக நின்றுவிடுகிறது. அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முதல் தடவை படித்தபோது, இப்போது நீங்கள் மேலே பார்த்த பத்தியில் "குண்டூசியின் மேலேயே தைத்துப் போனாள்" என்று இருந்தது. கை நின்றது. ஊசி குண்டூசி மேல் பட்டால் முனை மழுங்கும், இல்லாவிட்டால் முறியும், அதனால் அந்த இடம் வரும்போது உருவிவிடுவார்களாம். அந்த வரியை "உப்பல் குண்டூசியைத் தாண்டியது" என்று மாற்றியிருந்தேன்.

இரண்டாவது தடவை முழுசும் படித்து முடித்தேன். கை நிற்கவில்லை. கழுத்துக்கு எமிங் போட்டுக்கொண்டிருந்தார், துணியில் ஒரே ஒரு இழையை ஊசி முனையால் எடுத்து எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். நூல் தீர்ந்ததும் முடிச்சுப் போட்டுவிட்டு, "குண்டூசியைத் தாண்டுச்சுன்னு போட்டிருக்க. தாண்டுறதுக்கு முன்னாடி உருவிட்டாளா?" என்றார்.

உருவியதை நான் எழுதவில்லை. இப்போது அந்தக் கதையில் "குண்டூசியை உருவி உதட்டில் கவ்விக்கொண்டாள்" என்று இருக்கிறது. அதையும் படித்துக் காட்டினேன். உதட்டில் வைக்கிற பழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லி, தோளில் குத்தி வைத்திருந்த ஐந்தாறு குண்டூசிகளைக் காட்டினார்.